கட்டத்துக்குள் வராத தாய்மாமன்

பல்லடத்தில் மாசாணத்தின் கேமராவுக்கு முன்னால் நிற்காத குடும்பம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, இருட்டறையில் பிலிம் கழுவிக் கற்றுக்கொண்டு, சொந்த ஸ்டூடியோ போட்ட ஆள். கூட்டப் படம் என்றால் அகலமாக எடுத்து, பெரிய மனுசர்களை இரண்டு ஓரத்திலும் தூண் மாதிரி நிறுத்துவார். அதுதான் அவர் முத்திரை.

அந்த முத்திரையே இப்போது மண்டபத்தில் கல்யாணப் பெண் லோகப்பிரியாவின் தாய்மாமனைக் கிளப்பிவிட்டிருந்தது.

"என்னைய வெட்டிப்போட்டீங்களே!" தம்பிதுரை போனை நீட்டினார். நிச்சயதார்த்தப் படம் ஸ்டூடியோவின் இன்ஸ்டா பக்கத்தில் சின்னக் கட்டமாகத் தெரிந்தது. பெண், மாப்பிள்ளை, அவருடைய அப்பா. ஓரத்தில் நின்ற தாய்மாமன் மாயம்.

"ஏனுங்க, தொட்டுப் பாருங்க, முழுசா இருக்கறீங்க," என்றார் மாசாணம்.

"தொடாதவன் எதைப் பாப்பான்? எங்கூரு கிணத்துக்கடவே கேக்குது, மாமன் வல்லியான்னு! நான் எங்கூட்டுக்குக் கெளம்பறனுங்க. சீரும் இல்ல, கீரும் இல்ல."

"அண்ணா, சாயங்காலம் மாமன் சீரு..." பெண்ணின் அம்மா செவ்வந்தி அவர் கையைப் பிடித்தாள். அண்ணன் போய்விட்டால் மகள் மாமன் இல்லாமல் மணவறை ஏற வேண்டும்.

மாசாணம் போனை வாங்கினார். கட்டம் நிமிர்ந்து நிற்கும் செவ்வகம், படமோ படுத்த செவ்வகம். கட்டத்தில் நடுப்பாதி மட்டும் விழுந்து, இரண்டு பக்கமும் கால் கால் பங்கு வெளியே நின்றது. கட்டத்தை ஓரமாக நகர்த்தினார். மாமன் உள்ளே வந்தார். மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் வெளியே போனார்கள்.

"அட, இப்ப சம்பந்தி கெளம்புவாருங்களா?" என்று யாரோ சிரித்தார்கள். செவ்வந்தி சிரிக்கவில்லை.

படத்தைத் திரை நிறைய ஸ்டோரியில் வைத்தால் இன்னும் மோசம். நடுவில் ஒரு பட்டைதான் மிஞ்சும். மாசாணம் போனை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார்.

"பொண்ணு, மாப்பிள்ளை உக்காருங்க. மாமா, பின்னால நடுவுல நில்லுங்க."

"நடுவுல நானா? ஓரம்தானே பெரியவங்க எடம்னீங்க?"

"காகிதத்துல அப்படித்தானுங்க. போனுல நடுதானுங்க பெரியவங்க எடம்."

தம்பிதுரை முறைத்துக்கொண்டே போய் நின்றார். மாசாணம் கேமராவை நிமிர்த்திப் பிடித்தார். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விட்டார், இரண்டு பக்கமும் ஆளில்லாமல் வைத்தார். எடுத்ததும் போனுக்கு ஏற்றினார்.

"கட்டம், தொட்டுத் தெறக்கறது, முழுத் திரை, மூணுலயும் காட்டுங்க," என்றார் தம்பிதுரை.

கட்டத்தில் மேலும் கீழும் துளி போயிருந்தது, மூவரும் இருந்தார்கள். கட்டத்தைத் தொட்டுப் பதிவைத் திறந்தாலும் அப்படியே. திரை நிறைய வைத்தபோது பக்கச் சுவர்தான் அறுபட்டது, மாமன் மீசை முறுக்கு கலையவில்லை.

"அந்தப் பழசை என்ன பண்ணப் போறீங்க?" என்றார் தம்பிதுரை.

மாசாணத்தின் கை நின்றது. இந்த வருசம் அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அது. செவ்வந்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீக்கிவிட்டார்.

தம்பிதுரை தங்கை பக்கம் திரும்பிச் சட்டைக் கையை மடித்துவிட்டார். "அம்மணி, சீர்த்தட்டெல்லாம் கார்ல கெடக்குது. ரெண்டு பேர வரச்சொல்லு."