தண்ணீர் கொடுத்து வழியனுப்பிய பிள்ளை

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். அப்போதும் அதிகம், இப்போதும் குறைந்தபாடில்லை. எங்கள் தீவின் தெற்குக் கரையில் சுரினாம் என்ற கிராமத்துப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்த அந்த ஜனவரியில் எனக்கு இருபத்திரண்டு வயது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. புதுப் பிள்ளைகள் முப்பத்தைந்து பேர், ஆளுக்கொரு ஸ்லேட்டு, எனக்கு ஒரு கரும்பலகை. முதல் நாள் காலையில் அழுகைச் சத்தம் சவான் கடற்கரைக்கே கேட்டிருக்கும். ஆனால் பத்து மணிக்குள் முப்பத்து நான்கு பேர் அடங்கிவிட்டார்கள். அடங்காதவள் ஒருத்திதான்.

ஐந்து வயது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. இரண்டு கைகளாலும் அம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலைத் தாண்ட மாட்டேன் என்று நின்றாள். அம்மா கரும்புத் தோட்டத்தில் களை எடுப்பவர். பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்காக அந்த ஒரு வாரம் மட்டும் வேலைக்கு வரவில்லை என்று தோட்ட மேஸ்திரியான சர்தாரிடம் சொல்லி வைத்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை அவர் வயலில் நின்றாக வேண்டும். அதற்குள் பிள்ளை தங்கப் பழகாவிட்டால், வீட்டிலிருக்கும் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளை வைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் வந்தே ஆக வேண்டும் என்று அன்று சட்டம் எதுவும் இல்லை. பெண் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் தங்கினால் பிறகு திரும்பி வருவதில்லை. எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லா டீச்சரும் செய்கிற காரியத்தைத்தான் செய்தேன். செவ்வாய்க்கிழமை கரும்பலகையில் ஒரு கோழி வரைந்தேன். அது முட்டையிட்டது, முட்டையிலிருந்து குஞ்சு வந்தது. பிள்ளை ஒரு கையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையையும் விட்டாள். நான் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவிவிட்டார். ஆகா, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்!

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். அம்மா நின்ற இடம் காலி. அவள் கத்தவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள், வராந்தாவைப் பார்த்தாள், ஓடத் தொடங்கினாள். முப்பத்து நான்கு பேரை விட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன். ஜனவரியில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். உள்ளே போன பிள்ளையைக் கண்டுபிடிப்பது லேசான காரியமா? நானும் பள்ளிக் காவலாளியும் வரப்பு வரப்பாகத் தேடினோம். கரும்புச் சோகை கிழித்து முகமெல்லாம் கீறலோடு ஒரு வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தூக்கச் சொல்லிக் கை நீட்டவில்லை. ஏன் நீட்டுவாள்? அம்மாவை மறைய வைத்தவள் நான்தானே.

தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுப் பிரெஞ்சில் ஒரு பாட்டம் திட்டினார். "வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம். இன்னொரு முறை ஓடினால் பெயரை அடித்துவிடு, அடுத்த வருடம் வரட்டும்."

"பிள்ளை மேல் குற்றமில்லை, குற்றம் என் மேல்" என்று நானும் பிரெஞ்சிலேயே சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வகுப்பு டீச்சர் சன்னலை மூடினார்.

புதன்கிழமை தாயும் மகளும் வரவேயில்லை. பள்ளி விட்டதும் நானே அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளையின் அம்மாவும் நானும் கிரியோலும் தமிழும் கலந்துதான் பேசினோம். அந்த வீட்டில் தமிழ் கோயிலுக்கும் உறவுமுறைக்கும் மட்டுமே மிச்சம். என் அப்பா விடாப்பிடியாகத் தமிழ் சொல்லிக்கொடுத்ததால் நான் இதை இப்படி எழுதுகிறேன்.

பிள்ளை என்னைக் கண்டதும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அம்மா எனக்கு டீ கொடுத்தார்.

"தோட்டத்துக்குப் போறப்ப இவகிட்ட சொல்லிட்டுப் போவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஐயோ, சொல்றதா? அது தூங்கும் மிஸ். நான் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவேன். எழுந்து அழுதா பின்னாடியிருந்து கூப்பிடும். கூப்பிட்டா போற காரியம் உருப்படுமா?"

"அப்போ தினமும் கண்ணு முழிச்சா நீங்க இல்ல."

"பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்குவாங்க. எல்லா வீட்லயும் அப்படித்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைக்கு அம்மா என்பவர் சொல்லாமல் காணாமல் போகிறவர். நேற்று நான் பட்டப்பகலில், கோழிப் படம் காட்டி, அதையே செய்து காட்டியிருக்கிறேன். பிடித்த முந்தானையை அவள் எப்படி விடுவாள்?

"அக்கா, நாளைக்கு அவ கண்ணு முன்னாடியே சொல்லிட்டுப் போங்க. எப்ப வருவீங்கன்னும் சொல்லுங்க. கேட் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்துக் கையக் காட்டுங்க. அழுவா, அழட்டும். ஆனா சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கணும்."

அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "மத்ததெல்லாம் செய்றேன். திரும்பிப் பாக்க மாட்டேன் மிஸ். ஒரு தடவ எங்க அக்கா கூப்பிட்டாங்கன்னு திரும்பினேன். அன்னைக்குத்தான் கரும்பு வெட்டற கத்தி பட்டு அக்காவோட கால் போச்சு."

"கத்தி பட்டது திரும்பினதாலயா? கத்தி கூரா இருந்ததால!" என்று சீறிவிட்டேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வீட்டில் டீ வாங்கிக் குடித்துவிட்டு, அந்த வீட்டுக்காரியின் பயத்தைக் கேலி செய்கிறவள் என்ன டீச்சர்?

அவர் திரும்பி வந்ததும், "மன்னிச்சுக்கங்கக்கா. தெரியாமத்தான் கேக்கறேன். தப்பித் தவறி யாராவது கூப்பிட்டுட்டா என்ன செய்வீங்க?" என்றேன்.

"கொஞ்சம் உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் புதுசா கிளம்புவோம். தோஷம் போயிடும்."

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். எனக்கே மறந்துபோயிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பிள்ளையைப் பார்த்தோம். "அந்தத் தண்ணிய இவ கையால கொடுக்கட்டுமே" என்றேன். அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை காலை அம்மா கடைசி பெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்தார். நான் கோழி, குஞ்சு எதுவும் வரையவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் மூவருமாகக் குழாயடிக்குப் போனோம். அங்கே ஒரு கல்லில் அம்மா உட்கார்ந்தார். பிள்ளை தகரக் குவளையில் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

"ரொட்டி சாப்பிடறதுக்கு மணி அடிக்கும். அப்ப வந்துடுவேன்" என்று அம்மா சொன்னார். குடித்தார், எழுந்தார், நடந்தார். கேட்டுக்குப் போனதும் நின்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பினார். கையை ஆட்டினார். பிறகு நிற்காமல் போய்விட்டார்.

பிள்ளை அழுதாள். அம்மாடி, என்ன அழுகை! ஆனால் ஓடவில்லை. நான் அவளைக் குலுக்கிச் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா போனது கஷ்டமா இருக்குல்ல? ரொட்டி மணிக்கு வருவாங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேலையின்போது தன் தலையில் கட்டும் துணியை அம்மா அவள் இடுப்பில் சொருகிவிட்டிருந்தார். அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். ரொட்டி மணி அடிக்கும்போது அம்மா கேட்டில் நின்றார். பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே தண்ணீர் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை கடைசி மணி வரைக்கும் அம்மா வர மாட்டார். ஸ்லேட்டைத் துடைத்து முடிப்பதற்குள் அழுகை நின்றது. ஆனாலும் எனக்குத் தெரியும், அசல் சோதனை திங்கட்கிழமைதான். அன்று அம்மா இருட்டோடு வயலுக்குப் போய்விடுவார். கூட்டி வருவது பக்கத்து வீட்டு அத்தை. சனி, ஞாயிறு இரண்டு நாள் வீட்டுச் சுகம் கண்ட பிள்ளை வேறு. தலைமை ஆசிரியர் பேனாவோடு காத்திருந்தார்.

"திங்கக்கிழமை அவள எழுப்பிச் சொல்லிட்டுப் போங்கக்கா. நழுவாதீங்க" என்று கெஞ்சியிருந்தேன்.

திங்கட்கிழமை நான் வாசலிலேயே நின்றேன். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் உப்பியிருந்தது. அத்தை ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்:

"அம்மாவுக்கு நான்தான் தண்ணி கொடுத்தேன். நான்தான் அனுப்பினேன்."

சொல்லிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். உதடு நடுங்கியது, ஆனாலும் உட்கார்ந்தாள். எனக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தது. தலைமை ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். "பேனாவை மூடிக்கொள்ளலாம் சார்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. நல்ல வேளை, பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் படித்துப் பெரிய வேலைக்கெல்லாம் போயிருக்கிறார்கள். அந்தக் காலையில் பட்ட பெருமையை அவர்கள் யாரும் தாண்டவில்லை.

கடைசி மணிக்கு முன்பே அம்மா வந்துவிட்டார். வயலிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறார், முழங்கால் வரை சேறு. வகுப்பு வாசலில் நின்று மூச்சு வாங்கினார். பிள்ளை அழுதுகொண்டிருப்பாள், பாய்ந்து வந்து கட்டிக்கொள்வாள் என்று இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் எழுந்திருக்கவில்லை. ஸ்லேட்டில் வட்டம் வட்டமாக எதையோ எழுதிக்கொண்டே, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அங்கயே உக்காரும்மா. எனக்கு இன்னும் முடியல."

விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அம்மா ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது.

"கேட்டீங்களா மிஸ்?" என்றார். "என்னையக் காத்திருக்கச் சொல்லுது!"