அவளிடம் சொல்லாதீர்கள்

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து இத்தாலிய மொழி படிப்பிக்கிறேன். படிப்பவர்கள் பெரும்பாலும் கணவன்மார் இத்தாலியில் இருக்கிற பெண்கள். போய் இறங்கி ஊமை மாதிரி நிற்கக்கூடாது என்பதற்காக வருகிறார்கள். நான் பொறுமைசாலி இல்லை. பதினொரு வருடம் அங்கே வயோதிபர்களைப் பராமரித்த வீடுகளில், என்னிடமும் யாரும் பொறுமையாக இருக்கவில்லை.

லிங்கநகரிலிருந்து வந்த ஒருத்திக்கு விசா கிட்டத்தட்ட வந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வாள், me lo, glielo வந்தால் மட்டும் சறுக்குவாள். me lo என்றால் 'எனக்கு அதை'. glielo என்றால் 'அவனுக்கு அதை', 'அவளுக்கு அதை', இரண்டும்தான். வினையின் மூல வடிவத்தில் அவை வாலில் ஒட்டும்: dirglielo, அவளுக்கு அதைச் சொல்ல. 'நீ' என்று கட்டளையிட்டாலும் ஒட்டும்: dimmelo, எனக்கு அதைச் சொல்லு. 'நீங்கள்' என்று மரியாதையாகச் சொன்னால் பிரிந்து முன்னால் வந்து நிற்கும்: me lo dica. தமிழில் நமக்கு எல்லாம் வாலில் ஒட்டித்தான் பழக்கம். அவள் dicamelo என்றே சொல்லுவாள். எத்தனை நாள் கத்தியிருப்பேன். "மரியாதை எண்டா முன்னுக்கு வரும்" என்று பலகையில் எழுதியும் வைத்தேன்.

எனக்கு இத்தாலியிலிருந்து அழைப்பு வந்தால், படிக்கிற பிள்ளைகளின் காது பழகட்டும் என்று போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுவேன். அன்று பின்னேர வகுப்பிலும் அப்படித்தான் போட்டேன். அழைத்தது அவளுடைய கணவன் வேலை செய்த வீட்டுக்காரி. அவசரத்துக்கென்று அவன் என் இலக்கத்தைக் கொடுத்து வைத்திருந்தான். அந்தம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. மனைவி பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டா. ஓம் என்றேன்.

"Non glielo dica," என்றா. அவளிடம் அதைச் சொல்லாதீர்கள்.

ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் படிக்கட்டுக்குப் போனேன். அவளுடைய கணவன் காலையில் அங்கே படியேறும்போது விழுந்திருக்கிறான். அம்புலன்ஸ் வருமுன்னரே உயிர் போய்விட்டது. அங்கேயே வேறு நகரத்தில் இருக்கும் அவனுடைய தமையன் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம், அதுவரை நான் வாய் திறக்கக்கூடாது.

இந்த வசனத்தை நான் முதலில் கேட்டது இத்தாலியில் நான் பராமரித்த ஒரு கிழவியின் வீட்டில். அவவுடைய மகன் செத்த அன்று மகள் என்னைக் குசினிக்குள் இழுத்து, "Non dirglielo," என்றாள். வேலைக்காரி என்பதால் 'நீ', அதனால் வாலில் ஒட்டி. "Quando me lo portate?" என்று கிழவி தினமும் கேட்கும். அவனை எப்போ என்னட்டக் கூட்டிக்கொண்டு வருவியள்? நாளைக்கு என்பேன். நாலு மாதம் நாளைக்கு என்றேன். ஒருநாள் கிழவி கேட்பதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு நான் ஊட்டிய எதையும் அது விழுங்கவில்லை. அந்தப் பாவம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

அறைக்குத் திரும்பி, இன்றைக்கு இவ்வளவும் போதும் என்று எல்லோரையும் அனுப்பினேன். அவள் எழும்பவில்லை. கொப்பியை மூடி மடியில் வைத்திருந்தாள். பத்து மாதமாக நானே காதைத் திருகிப் படிப்பித்த ஒருத்திக்கு முன்னால் அந்த மொழியில் ஒளித்துக் கதைக்கலாம் என்று எப்படி நினைத்தேனோ தெரியாது.

"என்னட்டச் சொல்ல வேண்டாமெண்டுதானே அவ சொன்னவ?"

வீட்டில் ஏதோ பிரச்சினை, உன் அத்தான், கணவனின் தமையன், போன் எடுப்பார், அவரோடு கதை என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் என்னை நேரே பார்த்தாள். "Me lo dica," என்றாள்.

நிறுத்தி, பிரித்து, மரியாதையாகச் சொன்னாள். திருத்துவதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்து, தமிழில் சொன்னேன். அவள் அழவில்லை. படியில் விழுந்தபோது பக்கத்தில் ஆரும் இருந்ததோ என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. தமையன்தான். தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லை, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வது எனக்கும் கேட்டது. இடையில் அந்த மனிசனின் குரல் இரண்டு தரம் உடைந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும், "ஓம் அத்தான், ஓம் அத்தான்," என்றாள். நாளைக்கு எடுக்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

தெரியும் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அவருக்குச் சொல்ல ஏலாமக் கிடக்கு அக்கா, பாவம்," என்றாள். "நாளைக்குச் சொல்லட்டும்."