ஒட்டிவைத்த மூடிகள்

நிரோஜா டீச்சரைப் பூனாகலைப் பக்கத்தில் "மூடி டீச்சர்" என்று கேலி செய்வார்கள். பதுளை பஸ் ஸ்டாண்ட் தேத்தண்ணிக் கடைகளில் வெட்கமில்லாமல் தண்ணீர்ப் போத்தல் மூடி கேட்டு வாங்குவாள். தேயிலைக் கொழுந்து பறித்த தாயின் மகள், தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் பிறந்தவள். பதினொரு வருடமாகத் தரம் ஒன்றுக்குக் கணிதம் சொல்லித் தருகிறாள். நான் பக்கத்து வகுப்பு ஆசிரியை.

அவளுடைய சாமான்கள் சாதாரணமானவை. பிஸ்கட் பெட்டி மட்டையில் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று பத்துக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு மூடி. பழைய கலண்டரில் வெட்டி, தனித்தனி மட்டைத் துண்டுகளில் ஒட்டிய இலக்கங்கள். பிள்ளை மூடியை வைக்கும், எடுக்கும். காலியாக இருப்பதைப் பார்க்கும். அவ்வளவுதான் வித்தை.

அவள் வகுப்பில் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் தனுஜாவுக்கு, ஐந்து கல்லை எண்ணத் தெரியாது. இரண்டு மாதமாக மூடி வைத்து வைத்துத்தான் அவளுக்குப் பிடிபட ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் வந்தது கல்வி அதிகாரி வருகை. தனுஜாவைப் பதுளை விசேட கல்வி அலகுக்கு அனுப்பச் சொல்லும் படிவமும் அவர் பையில் இருந்தது. தினமும் அவ்வளவு தூரம் கூட்டிப்போனால் தாய்க்குத் தோட்டத்தில் பேர் விழாது, அதாவது சம்பளமில்லை. அங்கே அனுப்பினால் பிள்ளை படிப்பில்லாமல் வீட்டோடுதான்.

வருகைக்கு முந்தின நாள் நிரோஜா வீட்டுக்குப் போன பிறகு, அதிபர் லிங்கம், "மூடியெல்லாம் உருளுது டீச்சர், பார்க்க அசிங்கமா இருக்கு. கம் போட்டு ஒட்டிருங்க" என்றார். ஒட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதிகாரி மட்டையை நீட்டி, "ஏழோட எத்தனை சேர்த்தா பத்து?" என்று கேட்டார். தனுஜா ஒரு மூடியை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. நகத்தால் நெம்பினாள். அப்போதும் வரவில்லை.

"இதுக்கு ஒண்ணும் ஏறாது" என்று அதிகாரி படிவத்தை எடுத்தார். அந்தப் பிஞ்சின் முகத்துக்கு நேராகவே சொன்னார், பாவி மனிதர்!

நிரோஜா மட்டையைப் பிடுங்கினாள். மூடிகளைப் பிய்த்தாள். மட்டையும் அங்கங்கே கிழிந்தது.

"அடி ஆத்தி! டீச்சர், என்ன செய்றீங்க?" என்று அதிபர் அலறினார்.

"அசையாத மூடிய வச்சு எந்தப் பிள்ளை எண்ணும், சேர்? நீ வைடி தங்கம்."

தனுஜா மேலே ஐந்தும் கீழே இரண்டும் வைத்தாள். காலிக் கட்டங்களைத் தொட்டுப் பார்த்து, "மூணு" என்றாள். கலண்டர் இலக்கங்களில் மூன்றைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அதிகாரி படிவத்தை மடித்துப் பையில் போட்டார். பிள்ளைக்கு ஒரு "கெட்டிக்காரி" சொல்ல வாய் வரவில்லை. பாடசாலைப் பதிவேட்டை விரித்து, "கற்பித்தல் உபகரணம் ஆசிரியையால் சேதமாக்கப்பட்டது" என்று எழுதினார்.

"பிள்ளை சரியா சொன்னதையும் எழுதுங்க சேர்" என்றாள் நிரோஜா.

"அதுக்கு இதுல இடமில்லை டீச்சர்."