அக்கா வெட்டிய மூன்று பத்தி

எங்கள் அலுவலகத்தில் பதினோரு பேர். கடைகளுக்கு இருப்புக் கணக்கு பார்க்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். பதினோரு பேரிலும் ஒருவரைத்தான் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவோம். கணக்குப் பிரிவு என்பது அவர் ஒருவர்தான். என்னைவிட இரண்டு வயது இளையவர்கூட அவரை அக்கா என்கிறார், என்னை மட்டும் அங்கிள் என்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத்தான் பேசுவார். நான் கொடுக்கும் டாக்ஸி ரசீதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார், பின்பக்கத்தில் ஏதோ சதி எழுதியிருப்பதுபோல. கஞ்சத்தனம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். அப்படியில்லை. சம்பளம் ஒரு நாள் பிந்தினால் யார் வீட்டில் எந்தத் தவணை இடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

அந்த மாதம் சம்பள நாள் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை, எங்கள் முதலாளி மடிக்கணினியைக் குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு அக்காவின் மேசைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது, தங்கமான மனிதர், மனதில் பட்டதை உடனே கொட்டிவிடுவார். என் மேசை பக்கத்திலேயே என்பதால் எல்லாம் காதில் விழுந்தது. விழாவிட்டாலும் விழவைத்திருப்பேன்.

விஷயம் இதுதான். மரச்சாமான் கடைகள் நடத்தும் ஒரு நிறுவனம்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். அவர்கள் ஒரு பில்லுக்குப் பணம் தரவேண்டும். ஒரு மாதக் கெடு முடிந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. அந்தப் பணம் வந்தால்தான் வெள்ளிக்கிழமை பதினோரு பேருக்கும் சம்பளம். வங்கியில் இருப்பது நான்கு பேருக்குக்கூடப் போதாது.

அந்த நிறுவனத்தின் மேலாளருக்கு அனுப்ப முதலாளி ஒரு கடிதம் எழுதிவைத்திருந்தார். அனுப்புமுன் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துத் தரச் சொன்னார். அக்கா படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. ஆறு பத்தி. மூன்றாவதில் வங்கி இருப்பு பைசா சுத்தமாக இருந்தது. நான்காவதில், முதலாளி ஐந்து மாதமாகச் சம்பளம் எடுக்காததும் காரை விற்றதும். ஐந்தாவதில், எங்களில் ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருப்பதும் இன்னொருவரின் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதும். பணம் எவ்வளவு, எந்த பில், எந்தத் தேதி என்பது எங்குமே இல்லை.

அக்கா மூன்று பத்தியையும் ஒன்றன்பின் ஒன்றாக அழித்தார். முதலாளி முகம் வாடிவிட்டது.

"எல்லாம் உண்மைதானேக்கா," என்றார்.

"உண்மைதான் தம்பி. ஆனா இதுல பாதி உங்க உண்மை இல்ல. அவங்கப்பா ஆஸ்பத்திரில இருக்கறத சொல்ல நீங்க யாரு?"

முதலாளி, அப்படியானால் ஆடிட்டர் நெருக்குகிறார் என்று எழுதலாமா என்று கேட்டார். அக்கா அதற்கும் இடம்கொடுக்கவில்லை. ஆடிட்டர் நெருக்கவில்லை, இல்லாததை எழுதக்கூடாது, அவ்வளவுதான். சம்பளம் என்ற சொல்லே வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. ஆனால் இவர்கள் சம்பளமே போடமுடியாத நிலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் கை தயங்கும் என்றார்.

பிறகு அக்கா செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கடிதத்தைத் தொடாமல் போனை எடுத்து, அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் பேசினார். பில் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகத் தேடிவிட்டு, அப்படி ஒரு பில்லே தங்களுக்கு வரவில்லை என்றார்.

அக்கா மெதுவாக முதலாளியைப் பார்த்தார். அவர் பார்வை தரையில் இருந்தது. இந்த பில்லை அவரே அவசரத்தில் தயார் செய்து, கணக்குப் பிரிவுக்கு மெயில் போடாமல், மேலாளர் நண்பராயிற்றே என்று அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். அவர்களுடைய ஆர்டர் எண்ணையும் அதில் போடவில்லை. மேலாளர் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு மறந்துவிட்டார். ஒன்றரை மாதமாக நாங்கள் காத்திருந்த பணத்தை அங்கே யாரும் கேள்விப்படவே இல்லை.

அக்கா திட்டுவார் என்று ஆவலோடு காத்திருந்தேன். திட்டவில்லை. வியாழக்கிழமைதோறும்தான் அங்கே பணம் அனுப்புவார்கள், அதற்கான பில்களின் பட்டியல் புதன் மதியம் மூடும், வேலை முடிந்தது என்று மேலாளர் ஒரு வரி ஒப்புதல் தரவேண்டும் என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆர்டர் எண்ணோடு பில்லைத் திருத்தினார். பிறகு மேலாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து, முதலாளியின் பெயரில் இப்படி எழுதினார்:

"வணக்கம். கடந்த மாதம் முடித்துக் கொடுத்த வேலைக்கான பில்லை ஆர்டர் எண்ணுடன் இணைத்துள்ளோம். முதலில் இதைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பாதது எங்கள் தவறு. மாத இறுதியில் சம்பளம் உள்ளிட்ட செலவுகளை இந்தத் தொகையை வைத்துத் திட்டமிட்டிருக்கிறோம். எனவே இந்த வியாழன் பட்டியலில் சேர்க்க முடிந்தால் மிகவும் உதவியாக இருக்கும். உங்கள் ஒப்புதல் மட்டும் தேவை. முடியுமா முடியாதா என்று நாளை மாலைக்குள் சொன்னால், அதற்கேற்ப நாங்கள் ஏற்பாடு செய்துகொள்வோம். நன்றி."

கீழே தொகையும் வங்கிக் கணக்கு விவரமும். முதலாளி இரண்டு முறை படித்தார். இவ்வளவு போதுமா என்று கேட்டார். அவருக்கு அழவேண்டும்போல இருந்திருக்கும், பாவம், அதற்கு இதில் இடமே இல்லை. அனுப்பு பொத்தானை அக்காதான் அழுத்தினார்.

செவ்வாய் மாலைவரை பதில் இல்லை. முதலாளி மேலாளருக்குத் தனியாக ஒரு செய்தி தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தார். அக்கா அவர் போனை வாங்கித் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். ஐந்தரை மணிக்கு மேலாளரின் மெயில் வந்தது. ஒப்புதல் கொடுத்துவிட்டதாகவும், வாட்ஸாப்பில் வந்ததைக் கவனிக்காததற்கு மன்னிக்கவும் என்றும் இருந்தது. வியாழன் பிற்பகல் பணம் வந்தது. வெள்ளி காலை சம்பளம் போட்டாயிற்று. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று முதலாளி கேட்டார். அக்கா டப்பாவைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார். அவரும் அவர் கணவரும் பதினேழு வருடத்துக்கு முன் ஒரு அச்சகம் வைத்திருந்தார்களாம். ஆறு பேர் வேலை செய்தார்கள். சம்பளத்துக்குப் பணமில்லாத ஒரு மாதம், பெரிய வாடிக்கையாளருக்கு அக்காவே ஒரு கடிதம் எழுதினார். நான்கு பக்கம், கஷ்டத்தையெல்லாம் கொட்டி. கணவருக்குச் சொல்லவில்லை, அவர் கௌரவம் பார்ப்பவர். இரண்டு நாளில் அந்த வாடிக்கையாளர் கணவரைக் கூப்பிட்டு, கடிதத்தைப் பற்றிப் பேசாமல், உடனே பணம் தருகிறேன், ஆனால் இனி எல்லா வேலைக்கும் விலையில் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் அச்சகத்தை மூடினார்கள்.

அக்கா டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"திடீர்னு ஏன் விலைய குறைக்கச் சொன்னான்னு என் வீட்டுக்காரர் இன்னிக்கும் கேட்டுட்டுதான் இருக்கார்," என்றார். "நான் இன்னும் சொல்லல."