வெள்ளைப் பணியாரத்தில் மஞ்சள்

வடையில் செய்தி படிக்கத் தெரிந்தவன் நான்.

எழுபதுகளில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மிதி மெஷினும் நான்கு எழுத்துப் பெட்டிகளும் வைத்து அச்சகம் நடத்தினேன். சாயங்காலமானால் தெருமுனைக் கடையிலிருந்து பருப்பு வடை வரும், செய்தித்தாளில் சுருட்டி, சுடச்சுட. பிரித்தால் வடையின் வயிற்றில் நேற்றைய மந்திரி பேச்சு இடம் வலம் மாறி ஒட்டியிருக்கும். மற்றவர்களுக்கு அது கறை. நாள் முழுக்க ஈய எழுத்துகளைத் திருப்பியே படித்துப் பழகிய எனக்கு அது வாசகம். உரக்கப் படித்துக் காட்டுவேன். கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். படித்து முடித்ததும் மந்திரியைத் தின்றுவிடுவேன்.

தின்பதற்கு முன்னால் சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவியிருப்பேன். அச்செழுத்தில் காரீயம் இருக்கிறது, வயிற்றுக்குள் போகக்கூடாது என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கழுவின கையால் மையில் சுருட்டின வடையை எடுப்போம். அந்த ஊரில், அந்த வெயிலில், அது யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு கல்யாண வேலை வந்தது. பெரிய வீடு. வருஷத்தில் பாதிநாள் பூட்டிக் கிடப்பது, கல்யாணத்துக்காகத் திறந்து சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பெண்ணின் தாயாரான ஆச்சி மெட்ராஸில் எங்கோ ஒரு வரவேற்பில் பார்த்திருக்கிறார்: பலகாரத்தைக் கூம்பாகச் சுருட்டிய தாளில் கொடுத்தார்களாம், அதில் பெண் மாப்பிள்ளை பெயர் இருந்ததாம். அதேபோல் வேண்டும். ஆனால் மெட்ராஸ்காரர்கள்போல வெள்ளைத் தாளில் சிக்கனமாக ஒரு மூலையில் பெயர் போட்டால் போதாது. தாள் முழுக்க மங்கலமான மஞ்சள், நடுவே சிவப்பில் குத்துவிளக்கும் பெயர்களும். அச்சுப் பக்கம் வெளியே, வெறும் பக்கம் உள்ளே. வெறும் பக்கத்தில்தான் பணியாரம் இருக்கும் என்பதால் யாரும் எதையும் யோசிக்கவில்லை. நானும்தான்.

ஒரு வாரம் மஞ்சளை மிதித்தேன். தாள் முழுக்க நிறம் போடுகிற, நிறைய மை வாங்கும் அச்சு பிளாக். மிதிக்க மிதிக்க, சித்திரை வெயிலே தகட்டிலிருந்து உரிந்து தாளில் விழுவதுபோல இருந்தது. எனக்குள் ஒரு கர்வம். இந்த ஊரில் இப்படி ஒரு மஞ்சளை யாரும் அடித்ததில்லை. தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டி வைத்தேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பலகாரம் போடும் அக்கா தாளில் ஒரு கட்டு வாங்கிப்போக வந்தார். எங்கள் தெருவிலேயே இருப்பவர். பெரிய வீட்டு வேலை அவருக்கு அதுதான் முதல் தடவை. அது நன்றாக நடந்தால் அடுத்தடுத்து நாலு வீடு கூப்பிடும். எதையும் செய்து பார்க்காமல் நம்பாதவர். மறுநாள் காலையில் ஒரு தட்டோடு வந்து நின்றார். தட்டில் வெள்ளைப் பணியாரம் நான்கு. பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் ஊற்றி, சிவக்குமுன் எடுக்கும் பண்டம். வெள்ளையாக இருப்பதுதான் அதன் பெருமை. நான்கின் கன்னத்திலும் மஞ்சள்.

"பணியாரத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்திச் சடங்கு சுத்திட்டீகளா தம்பி?" என்றார்.

சிரித்தேன். தாளைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வெறும் பக்கம் வெறுமையாக இல்லை. அடுக்கின கட்டில், கீழ்த் தாளின் காயாத மை மேல் தாளின் முதுகில் ஒட்டியிருந்தது. பட்டும்படாமல், தூசிபோல. கெட்டியான மை அடிக்கும்போது நடுநடுவே வெள்ளைத் தாள் வைத்து அடுக்க வேண்டும் என்பது தெரிந்தும் அவசரத்தில் விட்டிருந்தேன். அச்சுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

காய்ந்தால் சரியாகிவிடும் என்றேன். கட்டுக்குள் இல்லாத, புதிதாக அடித்த பத்துத் தாள்களைக் கொடியில் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிட்டேன். இரண்டு நாள். விரலால் தேய்த்தால் ஒட்டவில்லை. அக்கா என் அச்சகத்துக்கே அடுப்பைக் கொண்டுவந்துவிட்டார். காய்ந்த தாளைக் கூம்பாகச் சுருட்டி, எண்ணெய் வடித்த மூன்று பணியாரத்தைச் சூடாகப் போட்டு, கூம்பின் வாயை எல்லாரும் செய்வதுபோல உள்ளே மடித்துச் செருகினார். அந்த மடிப்பில் அச்சுப் பக்கம் போய்ப் பணியாரத்தின் தலையில் உட்கார்ந்ததை அப்போதுதான் கவனித்தேன். கால்மணி நேரத்தில் தாள் முழுக்க எண்ணெய் இறங்கிக் கண்ணாடிபோல ஆயிற்று. அச்சடித்த விளக்கின் சுடர் பின்பக்கத்திலிருந்தே தெரிந்தது. பிரித்து, ஈரவெள்ளைத் துணியால் மேல் பணியாரத்தை ஒற்றினார். துணியில் மஞ்சள்.

காய்ந்த மையைச் சூடான எண்ணெய் தட்டி எழுப்பிவிடுகிறது. செய்தித்தாள் கறுப்போ காய்வதே இல்லை. கரியும் ஒருவகைக் கனிம எண்ணெயும் கலந்த அந்த மை தாளுக்குள் இறங்கிப் பதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் கூப்பிட்டால் எண்ணெயோடு வந்துவிடும். என் வடையின் மந்திரி அப்படி வந்தவர்தான்.

அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. ஒருமுறை ரொட்டிக்கடைக்கு உறை அடிக்க இதே மஞ்சளைக் கேட்டபோது மை விற்கவந்தவர் தர மாட்டேன் என்றார். இது குரோம் மஞ்சள், இந்த நிறமே காரீயத்தில் செய்தது, தின்கிற பொருள் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்றார். அந்த வேலையே வராமல் போனது. பேச்சும் மறந்துபோனது. எழுத்தில் இருக்கும் காரீயத்துக்காக மூன்று தரம் கை கழுவுகிறவன், அதே காரீயத்தைத் தாள் முழுக்கப் பூசி, கல்யாணத்துக்கு வரும் பிள்ளைகள் கையில் கொடுக்க இருந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். ஆச்சியிடம் சொன்னால் வேலை இரண்டு பேருக்கும் போகும் என்பது இருவருக்கும் தெரிந்தது. சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி தேடினேன். மதுரையில் ஐஸ்கிரீம் கம்பெனிக்குக் காகிதக் கப் போடும் கடை இருந்தது. பஸ் ஏறிப்போய் ஒரு கட்டு வாங்கிவந்தேன். உள்ளே வழவழவென்று வெள்ளை மெழுகு. எண்ணெய் இறங்காது, மை இல்லை. பெயரைச் சின்னச் சீட்டில் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா ஒரு பணியாரத்தை எடுத்து அதில் போட்டார். கப்பின் அடி வியர்த்தது. பளபளப்பு கலங்கியது. தூக்கினால் அடி தொளதொளவென்று இறங்கியது. ஆறின பிறகு பணியாரத்தின் அடியில் வெள்ளையாக ஓர் ஏடு. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மெழுகுவர்த்தி.

"ஐஸுக்குச் செஞ்சதுல அடுப்பை வச்சா அது என்ன பண்ணும்?" என்றார். எனக்கு வேண்டியதுதான். மெழுகு காரீயம்போல உடம்பைக் கெடுக்காது என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அச்சகத்து மூலையில் கழிவுத் தாளில் உட்கார்ந்து ஒரு பணியாரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைக் காட்டி, "இந்தக் கப்புலயோ அந்தத் தாள்லயோ இதுக்குக் குடுப்பீகளா?" என்றார். நான் போய் அவள் கையிலிருந்ததை வாங்கினேன். அழுதாள். அவள் உட்கார்ந்திருந்த தாள் மஞ்சள். எத்தனையோ மாதமாக என் கலர் வேலையின் கழிவுகளில்தான் அவளுக்கு வடை பிரித்து வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இன்று எழுதலாம். ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும்? காரீயம் வந்ததைச் சொல்லாது. உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும், வளரும் உடம்பில் இன்னும் கூடுதலாக.

மறுநாள், கல்யாணத்துக்கு முந்தின நாள், முதல் பஸ்ஸில் கானாடுகாத்தான் போனோம், நானும் அக்காவும். வளவில், அந்த உள்முற்றத்தில், தூண்களுக்கு நடுவே ஆச்சி உட்கார்ந்து வெற்றிலை எண்ணிக் கட்டவைத்துக்கொண்டிருந்தார். தாளை விரித்தேன். அழகாயிருக்கு என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் ஒரு வாரம் மிதித்தேன். அதைக் கேட்டபின் மற்றதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் விளக்கமுடியாது. சொன்னேன். துணியைக் காட்டினேன்.

"இதைத் தின்னா உடனே என்ன ஆகும்?"

"உடனே ஒண்ணும் ஆகாது ஆச்சி. அதுதான் வம்பு."

ஆச்சி வெற்றிலையை ஒதுக்கி வைத்தார். பணியாரம் எத்தனை மணிக்குச் சூடாக வரும் என்று அக்காவைக் கேட்டார். தாளுக்குள் வாழையிலை வைத்துச் சுருட்டினால் என்ன என்று அடுத்த கேள்வி. எண்ணெய் இலையைத் தாண்டாது, ஆனால் எண்ணெய்க் கையால் பிள்ளைகள் தாளைப் பிடிப்பார்கள், பிறகு விரலைச் சப்புவார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. கோபம் என்மேலா மஞ்சள்மேலா என்று தெரியவில்லை. கடைசியில், பணியாரம் மந்தாரை இலைத் தொன்னையில் வரட்டும், தாள் வீணாகவேண்டாம், தாம்பூலத் தேங்காயைச் சுற்றிக் கொடுங்கள், ஓடு இருக்கிறது அதற்கு என்றார். எழுந்து உள்ளே போகும்போது மட்டும் திரும்பினார்.

"நாளைக்கு வந்து சொல்லாம இன்னைக்கே வந்தீகளே."

அது பாராட்டா, மூன்று நாள் முன்னாலேயே ஏன் வரவில்லை என்ற குத்தலா? இன்றுவரை தெரியாது.

கல்யாணத்தன்று அக்காவின் பணியாரம் வெள்ளைவெளேரென்று தொன்னைகளில் போயிற்று. வாசலில் என் மஞ்சள், தேங்காய்களைச் சுற்றிக்கொண்டு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது. நான் ஒரு தூணில் சாய்ந்து அதை ரசித்தேன். அப்போது ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, தேங்காயிலிருந்து தாளை நிதானமாகப் பிரித்தாள். நன்றாக நீவிவிட்டாள். வீட்டில் இருப்பவர்களுக்காகத் தொன்னையிலிருந்த நாலு பணியாரத்தை அதில் கவிழ்த்தாள். நல்ல தாளை யார் வீணாக்குவார்கள்? நானே வீணாக்கமாட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அம்மா அதைக் கொடுங்கள், இலை தருகிறேன் என்றேன். அவள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். பணியாரத்தைப் பிடுங்க வந்தவன் என்று நினைத்திருப்பாள். தாளில் நல்ல மை இல்லை என்றேன்.

"யாரு சொன்னா?"

"அடிச்சவன் நான்தாம்மா."

அவள் பிரித்துப் பார்த்தாள். அடியில் ஒன்றில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. குழந்தை அதற்குக் கை நீட்டியது. அவள் அந்த ஒன்றை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள், மற்ற மூன்றை நான் கொண்டுவந்த இலைக்கு மாற்றினாள்.

என் மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சூடு ஆறவில்லை. போடுவதற்கு இடம் தேடி வளவைச் சுற்றிப் பார்த்தபோது, தூணுக்குத் தூண் இன்னும் எத்தனையோ பெண்கள் தேங்காயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டு இலையோடு வந்துகொண்டிருந்தார். பாதியை வாங்கிக்கொண்டு, நான் இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.