மயில் தாளை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள்

நம் தெருவில் எல்லா வீட்டு வாசல்களும் ஏன் கிணற்றைப் பார்த்தே இருக்கின்றன என்று உங்களில் சின்னவள் ஒருநாள் கேட்டாள். அதற்குப் பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதியே வைக்கிறேன்.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோர்க்கிற வேலையில் இருந்தேன். நானும் உங்கள் அம்மாவும் திருத்தங்கலில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். எங்களைப் போலவே தீப்பெட்டி, வெடி, அச்சு என்று வேலை பார்த்தவர்கள் ஒன்றுசேர்ந்து வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஆரம்பித்தோம். தீப்பெட்டிக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்த பெரியவர் தலைவர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்று என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள்.

வாங்குவதற்கு இரண்டு இடங்கள் தோதாக வந்தன. ஒன்று பஸ் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது; தண்ணீர் கிடையாது. மற்றது ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஆனால் அதில் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. எந்த இடம் என்று பொதுக்கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பும்போது, இரண்டு இடங்களின் விவரத்தையும் சங்க விதிகளையும் சேர்த்து நாற்பது தாளாகக் கட்டி அனுப்பினோம். அழைப்பில், 'இத்துடன் உள்ளவற்றைப் படித்து வரவும்' என்று ஒரே ஒரு வரி.

ஒருவரும் படிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, சும்மா கிடக்கும் தாள் எதுவானாலும் வெடிக்குழாய் சுற்றப் போய்விடும். வெடிக் கம்பெனிக்காரர் ஒருவர் கட்டின் மேலட்டையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மிச்சம் எங்கய்யா?" என்றார் அண்ணாச்சி.

"குழாய் சுத்தியாச்சு அண்ணாச்சி. நல்ல கெட்டித் தாளு, கச்சிதமா நின்னுச்சு."

வேறு வழியில்லாமல் நானே முதல் தாளிலிருந்து உரக்க வாசித்தேன். 'மேற்படி உட்பிரிவின்படி' என்று வரும் இடத்திலெல்லாம் பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். இடத்தைப் பற்றிய தாளுக்கு வருவதற்குள் சாத்தூர் பஸ் வந்துவிட்டது. பாதிப் பேர் எழுந்து போனார்கள். கூட்டத்தை ஒத்திவைத்தோம்.

கிணற்று இடத்தை ஒரு வெடிக் கம்பெனியும் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த கூட்டத்திலும் முடிவு சொல்லாவிட்டால் கம்பெனிக்கே கொடுத்துவிடுவேன் என்று நிலக்காரர் சொல்லிவிட்டார். எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் அந்தக் கிணற்றின் மேல்தான் ஆசை. அவள் குடத்தோடு போய் வரிசையில் நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு வீடே கட்டியிருக்கலாம்.

அவள் தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, இம்புட்டுத் தாளையும் யாரு படிப்பா? இதுல என் வீட்டுச் சங்கதி எந்தத் தாள்ல இருக்கு?"

"ஒம்பதாவது தாள்ல."

"அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவள் கேட்டது அவ்வளவுதான். மறுநாளே அண்ணாச்சியிடம் போனேன். முக்கியமான தாள் எது என்று அழைப்பிலேயே சொல்லிவிடலாம் என்றேன்.

அவர் யோசித்தார். "சொல்லலாம்ப்பா. ஆனா இதை மட்டும் படின்னா, மத்ததுல என்னத்தையோ ஒளிச்சு வச்சிருக்காகன்னு நினைப்பாகளே."

"மத்த தாள்ல என்ன இருக்குன்னு தாளுக்கு ஒரு வரி எழுதிப் போடுவோம் அண்ணாச்சி. வேணுங்கிறவுக தேடிப் படிச்சுக்கிடட்டும்."

"எண்ணு தெரியாதவுகளுக்கு ஒம்பதுன்னு சொன்னா எப்படித் தெரியும்?"

அதற்கு அச்சகத்தில் விடை கிடந்தது. தீப்பெட்டிப் பண்டலுக்கு ஒட்டும் பெரிய லேபிள் அடிக்கும்போது நிறம் பிசகிப்போன தாள்கள் ஒரு மூலையில் குவிந்திருக்கும். முன்பக்கம் படம், பின்பக்கம் வெள்ளை. முதலாளியிடம் கேட்டதும், எடுத்துக்கொள் என்றார். வெள்ளைப் பக்கத்தில் எங்கள் விஷயத்தை அடித்தோம். இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுச் சொல்லும் தாளை மயில் லேபிளின் பின்னால் அடித்தேன். உறுப்பினர் இறந்துபோனால் வீடு யாருக்கு என்று எழுதித் தர வேண்டிய தாளை யானையின் பின்னால் அடித்தேன். மற்றதெல்லாம் கிளி. மயிலின் நீலம் மயிலை விட்டு விலகி அரை விரல் தள்ளி நின்றது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

அழைப்பை இப்படி எழுதினேன்: 'நேரமில்லாதவர்கள் மயில் தாளை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வாசித்துவிட்டு வாருங்கள். கூட்டத்தில் கை தூக்க வேண்டியது அதற்குத்தான். யானைத் தாளில் பெயர் எழுதிக் கையோடு கொண்டு வாருங்கள். கிளித் தாள்கள் சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு. எதில் என்ன இருக்கிறது என்று கீழே காண்க.' போன தடவையை விட முன்கூட்டியே, நிதானமாகப் படிக்கிற அளவுக்கு அவகாசம் விட்டு அனுப்பினோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. குழாயடியில் இதே பேச்சு. "ஒங்க வீட்ல மயில் படிச்சாச்சா?" என்று பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். ரோட்டோரம்தான் வசதி என்று பேசிக்கொண்டிருந்த ஆண்கள், வீட்டில் மயில் தாளை வாசித்த பிறகு கொஞ்சம் அடங்கிப்போனார்கள். குழாய் சுற்றிய அதே வெடிக்காரரைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"இந்தத் தடவையும் சுத்திட்டீகளா?"

"கிளியை எல்லாம் சுத்தலாம்னு எடுத்தேன். எம்பொண்டாட்டி விடலையே. எல்லாத்தையும் அடுக்கி அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கா."

கூட்டத்தன்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி நிறைந்துவிட்டது. எல்லார் கையிலும் மயில். ஒருவர் தாளில் மட்டும் நடுவில் ஓட்டை.

"படத்தை மகன் வெட்டி எடுத்துட்டான். ஆனா எழுத்து எனக்கு மனப்பாடம். கேக்கீகளா?" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அண்ணாச்சி கையமர்த்தினார்.

அப்போது தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா எழுந்தார். அழைப்பின் கீழே கொடுத்த ஒரு வரிக் குறிப்பைப் பார்த்து, தேடி ஒரு கிளித் தாளைப் படித்திருந்தார்.

"தவணை கட்டத் தவறினா மனையைத் திரும்ப எடுத்துக்கிடலாம்னு இதுல இருக்கு. மழைக்காலத்துல கம்பெனி லீவு விட்டா நாங்க எங்கிட்டுப் போய்க் கட்ட? இதையும் மயில்ல போட்டிருக்கணும்."

"இப்ப போட்டாச்சுன்னு வச்சுக்கம்மா" என்றார் அண்ணாச்சி. மழைக்காலத் தவணையைப் பிறகு சேர்த்துக் கட்டலாம் என்று விதியைத் திருத்தலாமா என்று கேட்டதும் எல்லாரும் கை தூக்கினார்கள். வந்திருந்த கூட்டுறவு இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்து இடம். கிணற்று இடத்துக்கு யாரெல்லாம் என்று கேட்டபோது, கைகளோடு மயில்களும் மேலே போயின. காற்றில் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. நான் வாசிக்கத் தயாராக வைத்திருந்த கட்டைப் பிரிக்கவே இல்லை. சாத்தூர் பஸ் வந்தபோது யானைத் தாள்களைக்கூட வாங்கி முடித்திருந்தோம்.

நிலக்காரரிடம் சொல்லிவிட்டு நானும் அண்ணாச்சியும் சைக்கிளில் திரும்பினோம். வழியெல்லாம் அவர் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

உங்கள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் கேட்டாள். "கிணறுதானே?"

"கிணறுதான்."

"அப்ப எல்லா வீட்டு வாசலையும் கிணத்தைப் பாத்து வைக்கச் சொல்லுங்க. உள்ள இருந்தே பிள்ளைகளைப் பாத்துக்கிடலாம்."

உங்களில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. அவள் சொன்னதை அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு தாளில் அடித்து அனுப்பினேன். அதையும் மயிலின் பின்னால்தான் அடித்தேன்.