ஆட்டோக்காரர் வேஷம்

எங்கள் அடுக்ககத்தின் பொங்கல் விழாவுக்குக் குழந்தைகளை வைத்து நாடகம் போடலாம் என்று அம்மாக்கள் கூடிப் பேசியபோது நானும் இருந்தேன். காட்டுப்பாக்கத்தில் இருக்கும் இந்த வீடுகளில் பாதிப் பேர் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஊருக்கு ஒரு வேஷம் என்று முடிவானது. மதுரைக்கு அட்டையில் வெட்டிய அரிவாள். கோவைக்கு வாய் ஓயாத 'ஏனுங்க'. வடக்கிலிருந்து வந்த பானிபூரிக்காரருக்கு உடைந்த தமிழ். சென்னைக்கு, கூடக் காசு கேட்டு மல்லுக்கு நிற்கும் ஆட்டோக்காரர்.

"அது உங்க பையனுக்குத்தான். நீங்கதானே பக்கா மெட்ராஸ்!" என்றார் நாடகத்தை எழுதிய மூன்றாம் மாடிப் பெண். அவருக்குச் சொந்த ஊர் மதுரை.

என் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். கள்ளிக்குப்பத்தில் வீடு, அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஸ்டாண்டு. இதை இங்கே யாரிடமும் நான் மறைத்ததில்லை. சொன்னதும் இல்லை.

"வேற ஏதாவது மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"அட, விளையாட்டுதாங்க! எங்க ஊரையும்தான் வெட்டுக்குத்துன்னு எழுதியிருக்கேன். நானே சிரிக்கிறேன்ல? மேடையில பையன் வந்து நின்னதும் யாருன்னு சனங்களுக்குப் புரியணும்."

அரிவாளுக்கு நானும் சிரித்திருந்தேன். என் முறை வந்ததும் முகத்தைச் சுளித்தால் நன்றாகவா இருக்கும்? அதற்குள் ஒருவர், விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கிய தன்னை ஓர் ஆட்டோக்காரர் ஏமாற்றிய கதையை ஆரம்பித்தார். அடுத்தவரிடமும் ஒரு கதை இருந்தது. ஒழுங்காக வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவரைப் பற்றிச் சொல்ல யாரிடம் கதை இருக்கும்? நான் தலையாட்டிவிட்டேன்.

பேரன் நடிப்பதைப் பார்க்க அப்பா வருவார். முன்பே சொல்லிவைப்பது நல்லதா, சொன்னால்தான் மனம் கஷ்டப்படுமா என்று குழம்பிக் கடைசியில் போனில் சொன்னேன்.

"கலாய்க்கட்டும் வுடும்மா" என்றார் அப்பா. "நாங்க மட்டும் இன்னா, சும்மாவா கீறோம்? காதுல ஒயர மாட்டிகினு ஏர்றவன ஐடி கிராக்கின்றோம். வயி தெரியாதவன ஊர்நாட்டான்றோம். எல்லாம் ஒரு தமாசுதான்."

விழாவன்று என் மகன் தொளதொளக்கும் காக்கிச் சட்டையில் மேடையேறி, "இன்னா சார், ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்றான். கூட்டம் சிரிப்பில் அதிர்ந்தது. அப்பா விசிலடித்தார். சண்டையெல்லாம் முடிந்து, "சரி, குந்து சார், போலாம்" என்றான். அதில் கிண்டல் ஏதும் இல்லை. அப்பா தினமும் சொல்வதுதான். அதற்கும் அதே சிரிப்பு. அந்த முறை அப்பா கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

நாடகம் முடிந்ததும் அப்பாவை அறிமுகப்படுத்தினேன். மூன்றாம் மாடிப் பெண் பதறிப்போனார். "ஐயோ, ஆட்டோவா ஓட்டுறீங்க? தப்பா எடுத்துக்காதீங்கப்பா, உங்களச் சொல்லல. உங்களப் பாத்தாலே டீசன்ட்டாத் தெரியுது." என் பக்கம் திரும்பி, "உங்க பேச்சுல தெரியவே இல்லையே!" என்றார். உண்மையாகவே பாராட்டினார். நானும் "தேங்க்ஸ்" என்றேன்.

அவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அப்பாவை மட்டும் அதிலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டார். ஆட்டோக்காரர் என்றால் இப்படித்தான் என்ற அந்த எண்ணத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. மதுரைப் பையன் அரிவாளைக் கீழே போட்டால் வேஷம் முடிந்துவிடும். அப்பா எதைக் கீழே போடுவார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து, "ஊட்டுக்கு வரியாடா நைனா?" என்றதும் மகன் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தான். "தாத்தா, இன்னொரு வாட்டி சொல்லு!" அப்பா சொன்னார். "சோறு துன்னியா?" அதற்கும் சிரிப்பு. பேரன் சிரிக்கிறானே என்று சில வாரங்கள் வேண்டுமென்றே நீட்டி முழக்கிப் பேசினார். அவனைக் கண்டித்திருக்கலாம். குழந்தைக்கு என்ன தெரியும், கண்டித்தால் அப்பாவுக்கே சங்கடமாகிவிடும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "சாப்பிட்டாச்சாப்பா?" என்றார். முதல்முறை வண்டியில் ஏறுகிற ஆளிடம் பேசுவது போல, நிதானமாக. மகன் தலையை ஆட்டிவிட்டு டிவியைப் பார்த்தான். அப்பாவும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் சொல்கிறார், பொறுக்கியெடுத்த வார்த்தைகளில். சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்.

போன வாரம் அவர் கிளம்பிய பின், "தாத்தா ஏம்மா இப்ப ஜோக்கே சொல்றதில்ல?" என்று மகன் கேட்டான்.

"அது ஜோக் இல்லடா. தாத்தா பேசறதே அப்படித்தான்."

"அப்ப எல்லாரும் ஏன் சிரிச்சாங்க?"

எதையோ சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவன் கார்ட்டூனுக்குத் திரும்பிவிட்டான். நான் பால்கனிக்குப் போனபோது அப்பாவின் ஆட்டோ தெருமுனையைத் தாண்டியிருந்தது.